தாள் வேறு, பக்கம் வேறு: கட்டு சரியாகப் பிரியணும்னா என்ன செய்யணும்?



இந்த வார எபிசோட்ல பிரிண்டர் பத்திப் பேசினோம். கடைசி அஞ்சு நிமிஷத்துல "இருபுறமும் பிரிண்ட் எடுத்தா ஒரு பகுதி முடிஞ்ச தாளோட முதுகுலயே அடுத்த பகுதி ஆரம்பிக்குது, அதை எப்படிப் பிரிக்கிறது?"ங்கிற கேள்விக்கு வந்தோம். வாயால சொன்னா எண்கள் குழம்பிடும், எழுதித்தான் காட்டணும்னு நிறுத்திட்டோம். இதோ எழுதியாச்சு.

நான் துபாய்ல டாக்குமெண்ட் கண்ட்ரோலர் வேலை பார்க்கிறேன். கட்டடம் முடிஞ்சதும் ஒப்படைக்கிற மேனுவல்கள், டெண்டர் கட்டுகள், சில சமயம் வழக்குக்குப் போகிற ஆவணக் கட்டுகள் எல்லாம் என் மேசை வழியாத்தான் போகும். இதுல வழக்குக் கட்டைத்தான் இன்னைக்கு உதாரணமா எடுத்துக்கிறேன். காரணம், அங்கேதான் ஒரு வெற்றுப் பக்கம் தப்பான இடத்துல விழுந்தாலும் உடனே தெரிஞ்சுடும்.

ஏன் வழக்குக் கட்டு?

துபாயில் அரபு மொழியில் நடக்கும் நீதிமன்றங்களோடு, டிஐஎஃப்சி நீதிமன்றங்கள் என்று தனியாக ஒரு அமைப்பும் இருக்கிறது. 2004-இல் வந்த சட்டத்தின் கீழ் உருவானது. விசாரணை ஆங்கிலத்தில் நடக்கும், முறை இங்கிலாந்தின் பொதுச் சட்ட முறை. அதன் நடைமுறை விதிகளும் பெரும்பாலும் இங்கிலாந்து விதிகளை ஒட்டியே எழுதப்பட்டவை. அங்கேயே சிறு கோரிக்கைகளுக்கான தீர்ப்பாயம் ஒன்று உண்டு. பொதுவாக வழக்கறிஞர் இல்லாமலே இரண்டு தரப்பும் நேரில் பேசுவார்கள். சம்பள பாக்கி, வாங்காத இன்வாய்ஸ் மாதிரியான விஷயங்கள் அங்கே வரும். அப்படி வந்தால் ஆவணங்களை அடுக்கித் தருவது நம்ம தலையில்தான்.

இங்கிலாந்தின் சிவில் நடைமுறைக் குறிப்புகளில் விசாரணைக் கட்டு எப்படி இருக்கணும்னு தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தொடர்ச்சியாக எண் போடணும். ஒவ்வொரு ஆவணமும் எந்தப் பக்கத்தில் இருக்குன்னு அட்டவணை தரணும். மொத்தம் 100 பக்கத்தைத் தாண்டினால் ஆவணத் தொகுதிகளுக்கு நடுவே எண்ணிட்ட பிரிப்புத் தாள்கள், அதாவது டிவைடர்கள் வைக்கணும்.

இது வெறும் அழகுக்காக வந்த விதி இல்லை. விசாரணையில் நீதிபதி "87-ஆம் பக்கத்துக்குப் போங்க" என்பார். அந்த நொடியில் அவர், எதிர்த்தரப்பு, சாட்சி, நீங்கள் எல்லாரும் ஒரே பக்கத்தைப் பார்க்கணும். ஒருத்தர் திரையில் பார்ப்பார், ஒருத்தர் காகிதத்தில் புரட்டுவார். ரெண்டு பேருக்கும் 87 என்றால் அதே 87-ஆக இருக்கணும். பிரிப்புத் தாளும் வெற்றுப் பக்கமும் இந்த எண்ணைத் தொடவே கூடாது. இந்த மடலில் நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

பிரச்சினை எங்கே ஆரம்பிக்குது?

ஒருபுறம் மட்டும் அச்சடிக்கும்போது பக்கமும் தாளும் ஒன்றுதான். எந்த இடத்தில் வேண்டுமானாலும் ஒரு மஞ்சள் தாளைச் செருகலாம், யாருக்கும் தொந்தரவு இல்லை. இருபுற அச்சுக்கு வந்ததும் அது மாறுகிறது. ஒரு தாளில் இப்போது இரண்டு பக்கங்கள். ஒற்றைப்படைப் பக்கம் முகப்பில், இரட்டைப்படைப் பக்கம் முதுகில்.

இந்தியாவில் இந்த மாற்றம் சமீபத்தில்தான் வந்தது. உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் 1 முதல் ஏ4 தாளில் இருபுறமும் அச்சடித்த ஆவணங்களை ஏற்க ஆரம்பித்தது. அதுவரை பெரிய லீகல் தாளில் ஒருபுறம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்கள். காகிதம் மிச்சம், மரம் மிச்சம். ஆனால் டிவைடர் வைக்கிறவருக்கு அன்றிலிருந்து ஒரு கணக்கு கூடுதல்.

அந்தக் கணக்கை ஒரு கற்பனை வழக்கை வைத்துப் பார்ப்போம். டிசைன் வேலை செய்து கொடுத்து, பணம் வராமல் கேட்டுப் போகிற ஒரு ஃப்ரீலான்சர். அவர் கட்டில் ஆறு பகுதிகள். அடைப்புக்குள் இருப்பது தொடர் எண்.

- மனு: 7 பக்கம் (1–7)
- எதிர்த்தரப்பு பதில்: 4 பக்கம் (8–11)
- வாக்குமூலம்: 11 பக்கம் (12–22)
- ஒப்பந்தம்: 23 பக்கம் (23–45)
- மெயில்கள்: 58 பக்கம் (46–103)
- இன்வாய்ஸ்கள்: 9 பக்கம் (104–112)

மொத்தம் 112 பக்கம். அப்படியே இருபுற அச்சுக்கு அனுப்பினால் 56 தாள். இப்போ பிரித்துப் பார்க்கலாம்.

மனு 7-ஆம் பக்கத்தில் முடிகிறது. அது நாலாவது தாளின் முகப்பு. அதன் முதுகில் 8, அதாவது பதிலின் முதல் பக்கம். டிவைடரை எங்கே வைப்பீங்க? தாளுக்கு முன்னால் வைத்தால் மனுவின் கடைசிப் பக்கம் அடுத்த பகுதிக்குள் போய்விடும். பின்னால் வைத்தால் பதிலின் முதல் பக்கம் மனுவோடு தங்கிவிடும்.

அடுத்தது பதில், நாலே பக்கம். நாலு இரட்டைப்படை எண், அதனால் சரியாகப் பிரியும்னு தோணும். பிரியாது. அது 8-ல், அதாவது ஒரு தாளின் முதுகில் ஆரம்பிக்கிறது. அதனால் 11-ல், இன்னொரு தாளின் முகப்பில் முடிகிறது. வாக்குமூலம் மறுபடி முதுகில். ஒரு பகுதியில் விழுந்த பிசகு அடுத்த பகுதிக்கும் கடனாகப் போகிறது. அந்தப் பகுதிக்கு எத்தனை பக்கம் என்று மட்டும் பார்த்தால் போதாது, அது எந்தப் பக்கத்தில் ஆரம்பிக்கிறதுன்னும் பார்க்கணும்.

வாக்குமூலம் 22-ல் முடிவதால் ஒப்பந்தம் தற்செயலாக முகப்பில் ஆரம்பிக்கிறது. இங்கே சுத்தமாகப் பிரியும். ஒப்பந்தம் 45-ல் முடிய, மெயில்கள் மறுபடி முதுகில். மெயில்கள் 103-ல் முடிய, இன்வாய்ஸும் முதுகில்தான். மொத்தம் அஞ்சு எல்லைகளில் நாலு ஒரே தாளைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

தீர்வு: ஒற்றைக்கு ஒரு வெற்றுப் பக்கம்

விதி ஒரே வரிதான். ஒவ்வொரு பகுதியும் முகப்பில் ஆரம்பிக்கணும். எல்லாப் பகுதியும் முகப்பில் ஆரம்பித்தால், ஒற்றைப்படைப் பக்கங்கள் உள்ள பகுதிக்குப் பின்னால் மட்டும் ஒரு வெற்றுப் பக்கம் சேர்த்தால் போதும். இரட்டைப்படைக்கு எதுவும் வேண்டாம். முந்தைய பகுதி கடன் வைக்காததால் இப்போது அந்தப் பகுதியின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தாலே போதும்.

நம்ம கட்டில் மனு, வாக்குமூலம், ஒப்பந்தம், இன்வாய்ஸ் நாலும் ஒற்றைப்படை. நாலு வெற்றுப் பக்கம். தாள் கணக்கு 4, 2, 6, 12, 29, 5. கூட்டினால் 58. முன்னே 56, இப்போ 58. இரண்டே தாள் கூடுதல், அஞ்சு எல்லையும் சுத்தம்.

கடைசிப் பகுதிக்குப் பின்னால் வெற்றுப் பக்கம் எதுக்குன்னு கேட்கலாம். அதற்கு அடுத்து எதுவும் இல்லையே. ஒரு பிரதி மட்டும் எடுத்தால் தேவையில்லைதான். ஆனால் அஞ்சு பிரதி வேணும்னு யாராவது அதே கோப்பை அஞ்சு முறை ஒட்டி ஒரே கோப்பாக்கி அனுப்பினால், முதல் பிரதியின் கடைசிப் பக்கத்து முதுகில் இரண்டாம் பிரதி ஆரம்பிச்சுடும். ஒரு பக்கம் சேர்த்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

முதலில் எண், அப்புறம்தான் வெற்றுப் பக்கம்

பலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து ஒரே கோப்பாக்கிவிட்டு, கடைசியில் எண் போடுவார்கள். அப்போது வெற்றுப் பக்கமும் ஒரு எண்ணை விழுங்கிவிடும். மனு 1–7, வெற்றுப் பக்கம் 8, பதில் 9-ல் ஆரம்பம். காகிதத்தில் பார்க்கும்போது சரியாகத்தான் தெரியும். ஆனால் திரையில் படிக்கிறவருக்கு அனுப்பும் கோப்பில் வெற்றுப் பக்கம் எதற்கு என்று யாராவது அதை நீக்கினால், 8 காணாமல் போகும். "8-ஆம் பக்கம் எங்கே, மறைச்சுட்டீங்களா?"ன்னு எதிர்த்தரப்பு கேட்டால் அதற்குப் பதில் சொல்லவே கொஞ்ச நேரம் போகும்.

வேர்டில் பகுதி பிரிக்க `Odd Page` என்ற பிரிப்பு இருக்கிறது. அதைப் போட்டால் அடுத்த பகுதி ஒற்றைப்படைப் பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். ஒரே ஆவணமாக எழுதும் அறிக்கைக்கு அது நல்ல வழி. ஆனால் அதுவும் எண்ணைத் தாண்டித்தான் போகும். 7-க்கு அப்புறம் 9 வரும். புத்தகத்தில் அது பழக்கமான விஷயம். தொடர் எண் கேட்கிற கட்டுக்கு ஒத்துவராது.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். ஆறு பகுதியையும் வெற்றுப் பக்கமே இல்லாமல் ஒரே கோப்பாகச் சேருங்க. அதில் 1 முதல் 112 வரை எண் போடுங்க. அக்ரோபாட் ப்ரோவில் `Header & Footer` அதைச் செய்யும். இதற்கு `bundle.pdf` என்று பெயர் வைப்போம். திரையில் படிக்கிற எல்லாருக்கும் போவது இதுதான். இதில் பிடிஎஃப் காட்டும் பக்க எண்ணும் தாளில் அச்சான எண்ணும் ஒன்றே. 87 என்று தட்டினால் 87 வரும்.

எண்ணை ஒரே இடத்தில் வையுங்க, கீழே நடுவில் என்று வைத்துக்கொள்ளலாம். புத்தகம் மாதிரி ஒற்றைப்படைக்கு வலது ஓரம், இரட்டைப்படைக்கு இடது ஓரம் என்று மாற்றி மாற்றி வைத்தால், வெற்றுப் பக்கம் சேர்ந்த பிறகு அது தலைகீழாகும். நம்ம கட்டில் 8-ஆம் பக்கம் இனி முகப்பில் வரும். அதன் எண் உள் ஓரத்துக்குப் போய், துளை போடும் இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

இனி அச்சுக்கு மட்டும் இரண்டாவது கோப்பு. வெறும் ஏ4 பக்கம் ஒன்றை `blank.pdf` என்று சேமித்து வையுங்க. `qpdf` என்ற இலவசக் கருவியில் இதுதான் கட்டளை:

```
qpdf --empty --pages \
  bundle.pdf 1-7 blank.pdf 1 \
  bundle.pdf 8-11 \
  bundle.pdf 12-22 blank.pdf 1 \
  bundle.pdf 23-45 blank.pdf 1 \
  bundle.pdf 46-103 \
  bundle.pdf 104-112 blank.pdf 1 \
  -- print.pdf
```

மேலிருந்து படித்தால் அட்டவணையே தெரியும். ஒற்றைப்படைப் பகுதிகளின் வரியில் மட்டும் `blank.pdf` இருக்கிறது. விண்டோஸில் பின்சாய்வுக் கோடுகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதணும். கிடைக்கும் `print.pdf` 116 பக்கம். அதில் எண்ணிட்ட பக்கங்கள் அதே 112தான், வெற்றுப் பக்கம் நாலிலும் எண் கிடையாது.

இந்தக் கோப்பைப் பிரிண்டருக்கு மட்டும் கொடுங்க, யாருக்கும் மெயில் பண்ணாதீங்க. இதில் மெயில்களின் முதல் பக்கம், அச்சான எண் 46, பிடிஎஃப் கணக்கில் 49-ஆவது இடத்தில் இருக்கிறது. நீதிபதி திரையில் 46 என்று தட்டினால் ஒப்பந்தத்துக்குள் போய் நிற்பார்.

பிரிப்புத் தாள் எப்படிச் சேருவது?

நம்ம கட்டு 100 பக்கத்தைத் தாண்டியதால் டிவைடரும் வேணும். இரண்டு வழி இருக்கு. ஏதாவது ஒன்றை மட்டும் எடுங்க, இரண்டையும் கலந்தால் இரண்டு இரண்டு டிவைடராக வந்து நிற்கும்.

முதல் வழி, டிவைடரைக் கோப்புக்குள்ளேயே வைப்பது. பெரிய எழுத்தில் பகுதி எண்ணும் பெயரும் உள்ள ஒரு பக்கம். இங்கே மறக்கக் கூடாதது, டிவைடர் ஒரு பக்கம் இல்லை, ஒரு தாள். அதற்கு முகப்பும் உண்டு, முதுகும் உண்டு. அதனால் டிவைடர் பக்கத்துக்குப் பின்னால் ஒரு வெற்றுப் பக்கமும் சேரணும். சேர்க்கவில்லை என்றால் மனுவின் முதல் பக்கம் டிவைடரின் முதுகிலேயே அச்சாகும். அந்தத் தாளை யாராவது வண்ண அட்டைக்கு மாற்றும்போது, மனுவின் முதல் பக்கமும் சேர்ந்து குப்பைக்குப் போகும். ஆறு டிவைடருக்கு ஆறு தாள், மொத்தம் 64.

இரண்டாவது வழி, பிரிண்டரையே செருகச் சொல்வது. அலுவலகத்தில் இருக்கிற பெரிய மெஷின்களில் இந்த வசதி பெரும்பாலும் உண்டு. ஜெராக்ஸ் டிரைவரில் `Special Pages` என்ற இடத்தில் `Add Inserts` என்று இருக்கும். எந்தப் பக்கத்துக்கு முன்னால், எந்தத் தட்டிலிருந்து தாள் எடுக்கணும்னு கேட்கும். இரண்டாவது தட்டில் மஞ்சள் தாளை வைத்துவிட்டால் போதும். இப்படிச் செருகும் தாள் கோப்பின் பக்கக் கணக்கில் வராது, அதனால் முகப்பு–முதுகு கணக்கும் மாறாது.

ஆனால் இங்கே கொடுக்க வேண்டியது கோப்பின் பக்க எண், அச்சான எண் இல்லை. டிவைடர் சேர்க்காத `print.pdf`-இல் ஆறு பகுதியும் ஆரம்பிக்கும் இடங்கள் 1, 9, 13, 25, 49, 107. எல்லாமே ஒற்றைப்படை. இந்த வரிசையில் ஒரு இரட்டைப்படை எண் தெரிந்தால், எங்கேயோ ஒரு வெற்றுப் பக்கம் விடுபட்டிருக்கு அல்லது கூடிப்போயிருக்கு என்று அர்த்தம்.

இன்னொரு சின்னக் குழப்பம். விண்டோஸில் பிரிண்டர் அமைப்புக்குள் `Separator Page` என்று ஒன்று கண்ணில் படும், அதற்கு `pcl.sep`, `pscript.sep` மாதிரி கோப்புகளும் இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க. அது ஒருத்தர் அனுப்பிய வேலையையும் அடுத்தவர் அனுப்பிய வேலையையும் பிரிக்க வைப்பது. ஒரே பிரிண்டரை இருபது பேர் பகிரும் அலுவலகத்துக்கு உதவும். உங்க கோப்புக்குள்ளே பகுதி எங்கே முடிகிறதுன்னு அதுக்குத் தெரியாது.

"ஆறு பகுதியையும் ஆறு தனி வேலையா அனுப்பினா போதாதா?"ன்னும் கேட்கலாம். ஒவ்வொரு வேலையும் புதுத் தாளில்தான் ஆரம்பிக்கும், அதனால் ஒரு பிரதிக்கு இது நல்லாவே வேலை செய்யும். அஞ்சு பிரதி என்றால் முதலில் மனு அஞ்சு, அப்புறம் பதில் அஞ்சு என்று வரும். உட்கார்ந்து கையால் அடுக்கணும். நடுவில் பக்கத்து சீட்காரர் அனுப்பிய போர்டிங் பாஸும் கட்டுக்குள் கலக்கும்.

பிரிண்டர் சொன்ன பேச்சைக் கேட்காதபோது

கோப்பில் எல்லாம் சரியாக இருந்தும் காகிதத்தில் தப்பாக வருவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இரண்டு.

ஒன்று, வெற்றுப் பக்கத்தைத் தவிர்க்கும் வசதி. சில டிரைவர்களில் `Skip Blank Page` என்று ஒரு டிக் இருக்கும். மை, காகிதம் மிச்சம் பண்ண யாரோ எப்போதோ அதைப் போட்டுவைத்திருப்பார்கள். நாம பார்த்துப் பார்த்துச் சேர்த்த நாலு வெற்றுப் பக்கத்தையும் அது விழுங்கிவிடும். கண்டுபிடிப்பது சுலபம். டிவைடர் இல்லாமல் 58 தாள் வர வேண்டிய இடத்தில் பழைய 56 வந்திருக்கும். டிக்கை எடுத்துவிடலாம். வேறொருத்தர் கடையில் பிரிண்ட் எடுப்பதாக இருந்தால், அங்கே டிக் இருக்கா இல்லையான்னு நமக்குத் தெரியாது. அதற்கு நல்ல வழி, `blank.pdf`-இல் நடுவே சின்னதாக ஒரு வரி வைப்பது: "இந்தப் பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டது." கட்டு ஆங்கிலத்தில் இருந்தால் இந்த வரியும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். எழுத்து இருப்பதால் பிரிண்டர் அதை வெற்றுப் பக்கமாக எடுக்காது. படிக்கிறவருக்கும் ஏதோ அச்சாகாமல் போச்சோ என்ற சந்தேகம் வராது.

இரண்டு, தாள் அளவு. நடுவில் ஒரு ஏ3 வரைபடம் வந்தால் அதை ஏ4 தாளின் முதுகில் அச்சடிக்க முடியாது. மெஷின் பழைய தாளை முடித்துவிட்டுப் புதுத் தாளுக்குப் போகும், நம்ம கணக்கு அங்கே உடையும். வழக்குக் கட்டில் இது அரிது, கட்டுமான மேனுவலில் அன்றாடம் நடக்கும். ஏ3 பக்கங்களைத் தனியே எடுத்து, ஒருபுறம் மட்டும் அடித்து, கையால் மடித்துச் செருகுவதுதான் நான் செய்வது. கோப்பில் அந்த இடத்தில் "வரைபடம் தனியே இணைக்கப்பட்டுள்ளது" என்ற வரியோடு ஒரு ஏ4 பக்கம், வரைபடத்தின் அதே எண்ணோடு இருக்கும்.

பிரிண்ட் கொடுப்பதற்கு முன்பே சோதிக்க ஒரு வழி இருக்கு. `print.pdf`-ஐ அக்ரோபாட்டில் திறந்து, `Two Page View` வையுங்க. கூடவே `Show Cover Page in Two Page View` என்பதையும் போடுங்க. இப்போ திரை ஒரு திறந்த புத்தகம் மாதிரி இருக்கும். வலப்பக்கம் தெரிவதெல்லாம் தாளின் முகப்பு, இடப்பக்கம் தெரிவதெல்லாம் தாளின் முதுகு. வேகமாகப் புரட்டிக்கொண்டே போங்க. ஒவ்வொரு பகுதியின் முதல் பக்கமும் வலப்பக்கத்தில் மட்டுமே தெரியணும். ஒன்று இடப்பக்கம் வந்தாலும் அங்கேயே நிறுத்துங்க. அதற்கு முந்தைய பகுதியில்தான் கோளாறு.

விசாரணைக்கு முந்தின நாள்

இவ்வளவு கணக்கும் ரெண்டு தாளுக்காகவா என்றால், இந்தக் கடைசிக் காட்சியைப் பாருங்க. எல்லாம் அடித்து, துளை போட்டு, அஞ்சு ஃபைலில் மாட்டியாச்சு. சாயங்காலம் நம்ம ஃப்ரீலான்சரிடம் ஒரு தாள் கிடைக்கிறது. ஒப்பந்தத்தின் கூடுதல் ஷரத்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டது. ஒப்பந்தத்தோடு சேர்ந்தே இருக்கணும்.

எண்ணை மாற்ற முடியாது. அட்டவணை, வாக்குமூலம் எல்லாவற்றிலும் பழைய எண்கள்தான் இருக்கு. இதற்கு நடைமுறையில் ஒரு வழக்கம் உண்டு. 45-க்குப் பின்னால் சேரும் பக்கத்துக்கு 45-ஏ என்று எண் போடுவார்கள். எண் பிரச்சினை தீர்ந்தது. தாள்?

வெற்றுப் பக்கம் சேர்க்காத கட்டில் 45-இன் முதுகில் 46, அதாவது முதல் மெயில் அச்சாகியிருக்கிறது. 45-ஏ-வுக்கு அங்கே இடமே இல்லை. 45-ஐயும் 46-ஐயும் தனித்தனித் தாளாக மறுபடி அடிக்கணும். அதையே கோப்பில் செருகி மறுபடி அச்சடித்தால் 46-லிருந்து 112 வரை எல்லாப் பக்கமும் முகப்பு–முதுகு மாறி, கட்டின் பாதிக்கு மேல் குப்பைக்குப் போகும். அதுவும் அஞ்சு பிரதி.

நம்ம கட்டில் 45-இன் முதுகு காலியாக இருக்கிறது. வெற்றுப் பக்கம் இருந்த அதே இடத்தில் 45-ஏ உட்காரும். கட்டளையில் ஒப்பந்தத்தின் வரியில் `blank.pdf`-ஐ எடுத்துவிட்டு அந்தப் புதுப் பக்கத்தின் கோப்பைப் போட்டால் போதும். ஒப்பந்தம் இப்போது 24 பக்கம், இரட்டைப்படை, தாள் அதே 12. அடிக்க வேண்டியது 45-உம் 45-ஏ-வும் சேர்ந்த ஒரே ஒரு தாள், அஞ்சு பிரதிக்கு அஞ்சு தாள். ஃபைலைத் திற, பழைய தாளை எடு, புதியதை மாட்டு. பத்து நிமிஷ வேலை. டிவைடருக்கு அந்தப் பக்கம் மெயில்களும் இன்வாய்ஸும் நகரவே இல்லை.

திரையில் படிக்கிறவருக்கும் `bundle.pdf`-இல் 45-க்குப் பின் அந்தப் பக்கத்தைச் சேர்த்து அனுப்பணும். இங்கே மட்டும் ஒன்று ஒத்துக்கொண்டே ஆகணும். இதற்கு மேல் பிடிஎஃப் காட்டும் எண்ணும் அச்சான எண்ணும் ஒன்றால் தள்ளிப்போகும். அதைக் கோப்போடு போகும் மெயிலில் ஒரு வரியில் சொல்லிவிடுங்க.

நீங்க கட்டு எங்கே கொடுக்கப் போறீங்களோ அந்த இடத்தின் விதியை முதலில் படிச்சுடுங்க. சில இடங்களில் காகிதமே கேட்க மாட்டார்கள், சில இடங்களில் ஒருபுற அச்சுதான் வேணும்பாங்க. இருபுறம்னு சொன்னால் மேலே உள்ள கட்டளையை எடுத்து, உங்க பகுதிகளின் எண்களை மட்டும் மாத்திக்கோங்க. உங்க கட்டில் கணக்கு எங்கேயாவது இடிச்சா, பகுதிவாரியாப் பக்க எண்ணிக்கையை மட்டும் இந்த மடலுக்குப் பதிலா அனுப்புங்க. ஆவணம் வேண்டாம், எண்கள் போதும். அடுத்த எபிசோட்ல உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.